மைனஸ் 13, லேசர் முடியாது என்கிறார்கள்: கண்ணுக்குள் வைக்கும் ஐசிஎல் லென்ஸ் பற்றி

மைனஸ்பதிமூன்று:
வணக்கம். வயது 26. வலது கண் மைனஸ் 13, இடது மைனஸ் 14.5, இடதில் ஒரு திசையில் மட்டும் கூடும் பவர், அதாவது சிலிண்டர், 1.5 கூடவே இருக்கிறது. திருப்பூரில் பின்னலாடை டிசைன் வேலை. கண்ணாடியைக் கழற்றிவிட்டால் உள்ளங்கையை முகத்துக்கு ஏழெட்டு சென்டிமீட்டர் கிட்டத்தில் கொண்டுவந்தால்தான் ரேகை தெரியும். காலையில் கண்ணாடியைத் தேடவே இன்னொரு கண்ணாடி வேண்டும்.

லேசருக்காகப் பரிசோதனைக்குப் போனேன். "கருவிழி 490 மைக்ரான்தான், பவரும் அதிகம், லேசர் வேண்டாம், ஐசிஎல் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். இரண்டாவது கருத்துக்கு இன்னொரு இடத்துக்கும் போனேன். அங்கேதான் குழப்பம். வலது கண்ணின் முன் அறை ஆழம், அதாவது கருவிழியிலிருந்து இயற்கை லென்ஸ் வரை உள்ள தூரம், முதல் ரிப்போர்ட்டில் 3.42 மி.மீ., இரண்டாவதில் 2.93. குறைந்தது 2.8 இருக்க வேண்டுமாம். எது சரி? ஒன்று தாராளமாகப் பாஸ், மற்றது மயிரிழையில் பாஸ். கருவிழியின் குறுக்களவு 11.6, அதன் உள்பக்கச் செல் கவுண்ட் 2750 என்றும் போட்டிருக்கிறது.

என்ன தவறாகப் போகும் என்று கேட்டால் இரண்டு இடத்திலும் "ஒன்றும் ஆகாது, பத்து நிமிட வேலை" என்கிறார்கள். அதுதான் பயமாக இருக்கிறது.

நாடோடி:
பயப்படாதீர்கள் சகோதரி. கருவிழி 500-க்குக் கீழே இருந்தால் லேசர் கூடாது என்பது விதி, அதனால்தான் மறுத்திருக்கிறார்கள். ஐசிஎல் லேசரைவிட நல்லது. எதையும் சீவி எடுப்பதில்லை. பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம், கண் பழையபடி ஆகிவிடும். முன்பு கண்புரை வரும் என்பார்கள். இப்போது லென்ஸின் நடுவில் துளை வைத்து வருவதால் அந்தப் பிரச்சினையும் போய்விட்டது.

சுந்தரி_கோவில்பட்டி:
எனக்கும் போன வருடம் லென்ஸ் வைத்தார்கள் கண்ணு. மைனஸ் 6 இருந்தது, இப்போது தூரத்துக்குக் கண்ணாடியே இல்லை, பேப்பர் படிக்க மட்டும்தான். வலியே தெரியவில்லை. ஆனால் எனக்கு 61 வயது. 26 வயதில் கண்ணில் இருக்கிற லென்ஸை எடுத்துவிட்டு வேறு வைப்பது நல்லதா?

கண்ணாடிக்கடை:
காரைக்குடியில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் 14 வருடம் கண் மருத்துவமனையில் ஆப்டோமெட்ரிஸ்ட். அதில் பாதி, லேசருக்கும் ஐசிஎல்லுக்கும் வருபவர்களை அளக்கும் அறையில்தான். டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

சுந்தரி அம்மா, உங்களுக்குச் செய்தது கண்புரை அறுவை. இயற்கை லென்ஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைப்பது. இந்தத் தங்கைக்குச் சொல்வது வேறு. இயற்கை லென்ஸ் அப்படியே இருக்கும். அதற்கு முன்னால், கண்ணில் நிறமாகத் தெரிகிற ஐரிஸுக்குப் பின்னால், மெல்லிய லென்ஸ் ஒன்றைச் செருகுவார்கள். இயற்கை லென்ஸ் இருப்பதால் இவருக்குக் கிட்டத்துப் பார்வை போகாது. அந்தச் சந்து எவ்வளவு குறுகலானது என்பதில்தான் இந்த அறுவையின் தனி ஆபத்துகள் எல்லாம் இருக்கின்றன. அதற்குப் பிறகு வருகிறேன்.

நாடோடி தம்பி, 490 என்பதால் மட்டும் மறுக்கவில்லை. கணக்கைப் பாருங்கள். கண்ணாடி கண்ணிலிருந்து 12 மி.மீ. தள்ளி நிற்கிறது. அதனால் கண்ணாடியில் மைனஸ் 13 என்பது கருவிழியின் மேல் ஏறக்குறைய 11.25 ஆகிவிடும். 6 மி.மீ. வட்டத்துக்கு ஒரு பவருக்குச் சுமார் 12 மைக்ரான் சீவ வேண்டும். ஆக 135. மேலே தூக்கும் மடல் 110. 490-இல் இரண்டையும் கழித்தால் மிச்சம் 245. பழைய விதிப்படியே 250 இருக்க வேண்டும், 300-க்குக் குறைய விடமாட்டேன் என்கிற டாக்டர்களும் உண்டு. இடது கண் இன்னும் மோசம். இதே 490-இல் மைனஸ் 3 மட்டும் இருந்திருந்தால் 340-க்கு மேல் மிஞ்சும், மற்ற ஸ்கேன்கள் சரியாக இருந்தால் லேசர் செய்திருப்பார்கள். மடல் தூக்காத ஸ்மைல் முறையும் மைனஸ் 10-க்கு மேல் போகாது.

தங்கையின் கேள்விக்கு: இரண்டு ரிப்போர்ட்டும் சரிதான். ஒரு மிஷின் கருவிழியின் வெளிப்பக்கத்திலிருந்து அளந்திருக்கிறது, மற்றது உள்பக்கத்திலிருந்து. 3.42-இல் உங்கள் கருவிழியின் தடிமனைக் கழியுங்கள், 0.49. வருவது 2.93. 2.8 என்ற எல்லை உள்பக்க அளவுக்கு. ஆகவே நீங்கள் மயிரிழையில் பாஸ் என்பதுதான் உண்மை. இதைக் கலந்துபோட்டுப் பேசுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

மைனஸ்பதிமூன்று:
அண்ணா, இரண்டு இடத்திலும் இதைச் சொல்லவில்லை. கழித்துப் பார்த்தேன், அச்சாக வருகிறது. அப்படியானால் மயிரிழையில் பாஸ் ஆகும் கண்ணுக்கு ஆபத்து அதிகமா?

நாடோடி:
சரி, கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் துளை பற்றி நான் சொன்னது தப்பில்லையே. நடுத்துளை வழியாகக் கண்ணுக்குள் சுரக்கும் நீர் ஓடுகிறது, முன்பு போல ஐரிஸில் லேசரால் ஓட்டை போட வேண்டியதில்லை.

கண்ணாடிக்கடை:
தப்பில்லை, பாதிதான் சொன்னீர்கள். அந்தத் துளை 0.36 மி.மீ. குறுக்களவு. முதல் தலைமுறை லென்ஸ்களில் அது கிடையாது. ஐரிஸின் நடுவில் உள்ள கண் பாப்பாவை லென்ஸ் அடைத்துக்கொண்டால் பின்னால் சுரக்கும் நீர் முன்னால் வர வழியின்றி அழுத்தம் ஏறும். அதற்குத்தான் முன்கூட்டியே ஐரிஸின் ஓரத்தில் ஓட்டை போட்டார்கள். துளை வந்தபின் அந்த வேலை போயிற்று. புதிய நீர் இயற்கை லென்ஸின் மேல் ஓடுவதால் கண்புரையும் வெகுவாகக் குறைந்தது. ஆனால் துளையால் லென்ஸின் சைஸைத் திருத்த முடியாது.

ஐசிஎல் நான்கு சைஸில்தான் வருகிறது: 12.1, 12.6, 13.2, 13.7 மி.மீ. சட்டைக்கு 38, 40, 42 இருப்பது போல. நடுவில் ஏதும் கிடையாது. லென்ஸின் நான்கு மூலைகளும் ஐரிஸுக்குப் பின்னால் உள்ள ஒரு பள்ளத்தில் போய் உட்காரும். அந்தப் பள்ளத்தின் அகலம் வெளியிலிருந்து தெரியாது. அதனால் தெரிகிற இடத்தை, அதாவது கருவிழியின் ஒரு வெள்ளை ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை அளந்து, உள்ளேயும் இவ்வளவு இருக்கும் என்று ஊகிக்கிறார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் 11.6 என்பது அதுதான். வீட்டு வாசலின் அகலத்தைப் பார்த்து உள்ளே இருக்கிற கூடத்துக்குப் பாய் வாங்குகிற மாதிரி. பெரும்பாலும் சரியாக இருக்கும், சில வீட்டில் இருக்காது.

லென்ஸ் பெரிதாகிப்போனால் நடுவில் வில்லாக முன்னே வளையும், ஐரிஸை முன்னால் தள்ளும். சிறிதாகிப்போனால் தட்டையாகி இயற்கை லென்ஸின் மேல் படியும். இரண்டு லென்ஸுக்கும் இடையே உள்ள இடைவெளியை வால்ட் என்பார்கள். 250 முதல் 750 மைக்ரான் வரை இருந்தால் நிம்மதி. அதிகமானால் கண் நீர் வெளியேறும் மூலை இறுகும், ஐரிஸின் பின்பக்க நிறம் உரசி உதிரும். குறைந்தால் இயற்கை லென்ஸின் முன்பக்கத்தில் புரை பூக்கலாம். துளை இருந்தாலும் மிகத் தாழ்ந்த வால்ட்டை டாக்டர்கள் விட்டுவைக்க யோசிப்பார்கள்.

உங்கள் விஷயத்தில் பாருங்கள். 11.6-உம் இந்த ஆழமும் சேர்ந்தால் கம்பெனிக் கணக்கு 12.6 சைஸைக் காட்டும். அதே கண்ணை இன்னொரு மிஷின் 11.8 என்று அளந்தால் 13.2 என்று தாவிவிடும். 0.2 மி.மீ. வித்தியாசத்தில் ஒரு சைஸ் மாறுகிறது. எல்லைக்கோட்டில் இருக்கிறவர்களுக்கு அல்ட்ராசவுண்டு வைத்து உள்பள்ளத்தையே நேரே அளக்கும் ஸ்கேன் உண்டு, யுபிஎம் என்பார்கள். அது எடுத்தார்களா என்று கேளுங்கள்.

பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம் என்பதும் முழு உண்மையில்லை தம்பி. லென்ஸ் வெளியே வரும், சரி. ஆனால் பூத்த புரை அதோடு வராது. ஒவ்வொரு முறை உள்ளே போய் வரும்போதும் கருவிழியின் உள்பக்கச் செல்கள் கொஞ்சம் போகும், அவை மறுபடி முளைப்பதில்லை.

இரவுப்பணி:
இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கு நடந்தது இதேதான். மைனஸ் 11, சுங்கச்சாவடியில் நைட் டியூட்டி. எந்த மருத்துவமனை என்று சொல்ல மாட்டேன், திருத்தியும் அவர்களேதான் கொடுத்தார்கள்.

வலது கண்ணுக்கு 13.2 வைத்தார்கள். மறுநாள் கண்கட்டை அவிழ்த்ததும் எதிர்ச்சுவரில் இருந்த காலண்டரில் கிழமைக்குக் கீழே இருக்கிற ராகுகாலம் வரை படித்தேன். அம்மா அழுதுவிட்டார். ஸ்கேன் பார்த்த டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. வால்ட் 1180. பார்வை அருமை, வலி இல்லை, அழுத்தமும் சாதாரணம். ஆனால் மூலை இறுகியிருக்கிறது, இப்படியே விட்டால் வருடங்கள் கழித்து கண் நீர் அழுத்த நோய் வரலாம் என்றார். நன்றாகத் தெரிகிற கண்ணை எதற்குத் திரும்பத் திறப்பது என்று நான் இரண்டு வாரம் மல்லுக்கு நின்றேன். மூன்றாவது வாரம் மாற்றி 12.6 வைத்தார்கள். வால்ட் 560.

அந்த ஊரில் யுபிஎம் ஸ்கேன் இல்லை. அது பிறகுதான் தெரியும். ஒன்று மட்டும் சொல்வேன், பார்வை நன்றாக இருப்பதும் லென்ஸ் சரியாக உட்கார்ந்திருப்பதும் வேறு வேறு. எனக்குத் தெரிந்த பார்வையில் ஒரு குறையும் இல்லை.

மைனஸ்பதிமூன்று:
அப்படியானால் நமக்கே எப்படித் தெரியும்? வீட்டுக்கு வந்தபின் ஏதாவது தவறு என்றால் எதைக் கவனிப்பது?

கண்ணாடிக்கடை:
வால்ட்டை நீங்கள் உணர முடியாது, இரவுப்பணி சொன்னது சரி. நம்பரைக் கேட்டு வாங்கி எழுதிவைத்துக்கொள்ள வேண்டியதுதான். உணரக்கூடியது கண் அழுத்தம். அது மூன்று காரணத்தால் ஏறும். எப்போது ஏறுகிறது என்பதை வைத்தே பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிடலாம்.

முதலாவது, அன்றைக்கே. லென்ஸைச் செருகும்போது உள்ளே இடம் கிடைக்க ஒரு ஜெல் ஏற்றுவார்கள். முடிந்ததும் கழுவி எடுப்பார்கள். லென்ஸுக்குப் பின்னால் கொஞ்சம் தங்கிவிட்டால் சில மணி நேரத்தில் அழுத்தம் குதிக்கும். அதனால்தான் நல்ல இடங்களில் அறுவை முடிந்து இரண்டு மணி நேரம் உட்காரவைத்து அழுத்தம் பார்த்துவிட்டு அனுப்புவார்கள். வீட்டுக்கு வந்தபின் அந்த இரவில் கண்ணும் அந்தப் பக்கத் தலையும் சேர்ந்து வலித்து, குமட்டி, பார்வை புகைமூட்டமாகி, விளக்கைச் சுற்றி வானவில் தெரிந்தால் மாத்திரை போட்டுப் படுக்காதீர்கள். எவ்வளவு நேரமானாலும் போன் செய்யுங்கள். ஸ்லிட் லேம்ப் முன்னால் உட்காரவைத்து, போட்ட கீறலின் ஓரத்தை மெல்ல அழுத்திக் கொஞ்சம் நீரை வெளியே விட்டாலே இறங்கிவிடும். ஆறு மணி நேரம் பொறுத்திருந்து காலையில் வந்த ஒருவரின் பாப்பா சரியாகச் சுருங்காமல் அகலமாகவே நின்றுவிட்டதைப் பார்த்திருக்கிறேன். வெயிலில் இன்றும் அவருக்குக் கண் கூசுகிறது.

இரண்டாவது, இரண்டு மூன்று வாரம் கழித்து. அது லென்ஸின் குற்றமே இல்லை. அறுவைக்குப் பின் விடும் ஸ்டீராய்டு சொட்டு சிலருக்கு அழுத்தத்தை ஏற்றும். கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்கு இது கூடுதலாகவே நடக்கிறது. வலி இருக்காது. சொட்டை நிறுத்தினாலோ மாற்றினாலோ இறங்கும். வலி இல்லை என்று மூன்றாவது வாரப் பரிசோதனைக்கு வராமல் இருப்பவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

மூன்றாவது, வால்ட் அதிகமாகி மூலை இறுகுவது. அதற்குச் சொட்டு போதாது, இரவுப்பணிக்குச் செய்த மாதிரி மாற்ற வேண்டிவரும். அழுத்தம் ஏறியதும் எல்லாவற்றுக்கும் ஒரே சொட்டைக் கொடுத்து அனுப்பினால், "இது எதனால்?" என்று கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.

நாகர்கோவில்_வாத்தியார்:
எனக்கு மைனஸ் 16 இருந்தது. ஐசிஎல் வைத்து மூன்று வருடம் கழித்து இடது விழித்திரை கழன்றது. வகுப்பில் போர்டில் எழுதும்போது ஓரத்தில் மின்னல் போல வெட்டியது. மறுநாள் கொசுக்கூட்டம் பறக்கிற மாதிரி. அதற்கும் மறுநாள் கீழ்ப்பக்கத்திலிருந்து கருப்புத் திரை ஒன்று ஏறியது. அறுவை செய்து ஒட்டினார்கள், பழைய பார்வை முழுதாக வரவில்லை. ஐசிஎல்லால்தான் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். டாக்டர் இல்லை என்கிறார். யாரை நம்புவது?

கண்ணாடிக்கடை:
சார், உங்கள் கண்ணைப் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. மைனஸ் 16 கண் லென்ஸ் வைக்காவிட்டாலும் நீண்ட கண்தான். சாதாரணக் கண் முன்னிருந்து பின் வரை 23, 24 மி.மீ. இருக்கும், இந்தப் பவரில் 28, 29-க்கு மேல் போய்விடும். இழுபட்டு மெலிந்த விழித்திரை தானாகவே கிழியும். ஐசிஎல் பவரை மட்டும்தான் சரிசெய்கிறது, கண்ணின் நீளம் அப்படியேதான் இருக்கிறது. கண்ணாடி போனதும் "எனக்குக் கிட்டப்பார்வை போய்விட்டது" என்று நினைத்து வருடாந்திரச் சோதனையை விட்டுவிடுவது பெரிய தப்பு. அறுவை எதையாவது தூண்டியிருக்குமா என்றால், மூன்று வருடம் கழித்து வந்ததை அதன்மேல் போடுவது கடினம். முழுக்க இல்லை என்று அடித்துச் சொல்லவும் மாட்டேன்.

தங்கை, அறுவைக்கு முன்னால் சொட்டு விட்டுப் பாப்பாவை விரியவைத்து, விழித்திரையின் ஓரம் வரை பார்த்தார்களா? ரிப்போர்ட்டில் அது இல்லையே.

மைனஸ்பதிமூன்று:
பார்க்கவில்லை அண்ணா. போட்டோ மாதிரி ஒன்று எடுத்தார்கள், அவ்வளவுதான்.

நாடோடி:
ஓரத்தில் மெலிவு இருந்தால் முன்கூட்டியே லேசர் போட்டு அரண் கட்டிவிடலாமே?

கண்ணாடிக்கடை:
ஓட்டை அல்லது கிழிசல் இருந்தால் பலர் போடுவார்கள். வெறும் மெலிவுக்கு, அறிகுறியே இல்லாதபோது போடலாமா என்பதில் விழித்திரை டாக்டர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. நான் வேலை பார்த்த இடத்திலேயே இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொல்வார்கள். செல் கவுண்ட் விஷயமும் அப்படித்தான். 2750 நல்ல எண். வயதாக ஆக எல்லோருக்கும் வருடத்துக்கு அரை சதவீதத்துக்குச் சற்று மேல் குறையும். ஐசிஎல் இருந்தால் நாற்பது வருடத்தில் எவ்வளவு கூடுதலாகக் குறையும் என்பதில் ஒரே குரல் கிடையாது. முன் அறை ஆழம் குறைந்த கண்ணில் கவனம் கூடுதலாக வேண்டும் என்பதில் மட்டும் சண்டை இல்லை, உங்களுக்கு 2.93 என்பதால் சொல்கிறேன். வருடம் ஒருமுறை எண்ணிப் பார்க்கவும். கண்ணைக் கசக்கும் பழக்கம் இருந்தால் இன்றைக்கே விடவும்.

இரவுப்பணி:
இரவு வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹெட்லைட்டைச் சுற்றி ஒரு வளையமும், அதற்குள் மெல்லிய இன்னொரு வளையமும் தெரிந்தது. உள்வளையம் நடுத்துளையால் வருவது என்றார்கள். நாலைந்து மாதத்தில் மூளை அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டது. வெளிவளையம் மழை நாளில் இன்றும் உண்டு.

கண்ணாடிக்கடை:
வெளிவளையம் பவரோடு சம்பந்தப்பட்டது. பவர் கூடக் கூட லென்ஸில் பார்வைக்கு உதவும் நடுவட்டம் சிறுத்துப்போகும், அதிகப் பவரில் 4.9 மி.மீ. வரை. இருட்டில் அதைவிடப் பெரிதாகப் பாப்பா விரிகிறவர்களுக்கு ஓரத்து வெளிச்சம் சிதறும். தங்கை, உங்கள் பாப்பா இருட்டில் எத்தனை மி.மீ. என்று கேட்டுவையுங்கள்.

சுந்தரி_கோவில்பட்டி:
இவ்வளவு இருக்கிறதா! அப்படியானால் கண்ணாடியே போட்டுக்கொண்டு போகலாமே கண்ணு. கல்யாணத்துக்காகச் செய்கிறாயா?

மைனஸ்பதிமூன்று:
இல்லை அம்மா. இந்தக் கண்ணாடியில் எல்லாம் சிறுத்துத் தெரிகிறது. துணியில் நூல் எண்ணும்போது பூதக்கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடி பிடிக்கிறேன். காண்டாக்ட் லென்ஸ் போட்டால் பெரிதாகத் தெரியும், ஆனால் பஞ்சுத் தூசியில் மதியத்துக்குள் கண் சிவந்துவிடுகிறது.

மைனஸ்பதிமூன்று:
(ஏழு வாரம் கழித்து) எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்றாவதாக ஓர் இடத்துக்குப் போனேன். காண்டாக்ட் லென்ஸைக் கழற்றி இரண்டு வாரம் விட்ட பிறகுதான் அளந்தார்கள். அவர்கள் மிஷினில் வலது 11.8! அண்ணா சொன்ன அதே தாவல். யுபிஎம் எடுத்தார்கள். உள்பள்ளம் எதிர்பார்த்ததைவிடக் குறுகலாக இருக்கிறதாம், 12.6 போதும் என்று முடிவு செய்தார்கள். விழித்திரை பார்த்ததில் இடது கண்ணின் ஓரத்தில் ஓர் ஓட்டை. எனக்கு எந்த அறிகுறியும் இல்லை. லேசர் போட்டுவிட்டு ஒரு மாதம் ஆறவிடச் சொன்னார்கள். அதனால் இடது தள்ளிப்போயிற்று.

வலது போன வாரம் முடிந்தது. இரண்டு மணி நேரம் உட்காரவைத்து அழுத்தம் பார்த்தார்கள், 19. மறுநாள் 15. வால்ட் 430. டியூப்லைட்டைச் சுற்றி வளையம் தெரிகிறது. நூல் எண்ண முடிகிறது.

இடது கண்ணுக்கு லென்ஸை ஆர்டர் போடவில்லை. அதில் சிலிண்டரும் சேர்த்துச் சரிசெய்யும் லென்ஸாம். அது உள்ளே சுழன்றுவிட்டால் சிலிண்டர் திரும்ப வரும் என்றார்கள். இதைப் பற்றி யாருக்காவது அனுபவம் உண்டா?

நாடோடி:
வாழ்த்துகள். சுழன்றால் திருப்பி வைத்துவிடுவார்கள், இந்த முறை "பெரும்பாலும்" என்று சேர்த்துக்கொள்கிறேன்.

கண்ணாடிக்கடை:
சைஸ் சிறிதாகி வால்ட் தாழ்ந்த கண்ணில்தான் அதிகம் சுழலும், பிடிமானம் இல்லாததால். அப்படிப்பட்டதைத் திருப்பி வைத்தாலும் மறுபடி சுழலும், சைஸையே மாற்ற வேண்டிவரும். வலது கண் 430 என்று வந்திருப்பது இடதுக்கு நல்ல குறிப்பு. இரண்டு கண்ணும் பெரும்பாலும் ஒரே ஜாடைதான். ஒரு மாதம் பொறுத்து வலதின் வால்ட்டை மறுபடி பார்த்துவிட்டு இடதுக்கு ஆர்டர் போடச் சொல்லுங்கள்.

அப்புறம், அந்த 430 விளக்கு எரியும் அறையில் எடுத்ததா, விளக்கை அணைத்து எடுத்ததா என்று கேளுங்கள். வெளிச்சத்தில் பாப்பா சுருங்கும்போது லென்ஸைப் பின்னால் அழுத்தும், எண் குறையும். அடுத்த முறையும் அதே வெளிச்சத்தில்தான் எடுக்க வேண்டும்.